சம்பள உயர்வு இல்லை என்பதை எப்படி எழுதுவது: ஒரே செய்தி, நான்கு வடிவங்கள்

யாழ்ப்பாண நகரில் கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனை நிறுவனம்தான். 26 பேர் வேலை செய்கிறார்கள். சராசரிச் சம்பளம் 55,000 ரூபா. ஒவ்வொரு ஜனவரியும் 8 வீதம் கூட்டிக்கொடுப்பது வழக்கம். 2026 ஜனவரியில் அதைக் கொடுக்க முடியாது என்று பணிப்பாளர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அதை ஊழியர்களுக்கு அறிவிக்கும் வேலை முகாமையாளரின் தலையில் விழுகிறது. அவருக்கு முன்னால் நான்கு விதமான கடிதங்கள் இருக்கின்றன. எதை அனுப்புவது?

கடிதத்தை ஒப்பிடுவதற்கு முன் காசுக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். முகாமையாளர் அதை அறியாமல் எழுதினால் எந்த வடிவமும் பொய்யாகிவிடும்.

மாதச் சம்பளம் மொத்தம் 14 இலட்சத்து 30 ஆயிரம். அதில் 8 வீதம் 114,400 ரூபா. அதன் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டும் 3 வீதமும் சேர்ந்து 17,160. ஆக மாதம் 131,560, வருடத்துக்கு ஏறக்குறைய 15 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. நிறுவனத்தின் பக்கத்துக் கணக்கு இது.

ஊழியரின் பக்கத்தில் 52,000 ரூபா எடுக்கும் ஒரு விற்பனை உதவியாளரைப் பார்ப்போம். அவருக்கு வரவேண்டியிருந்த உயர்வு 4,160. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் கைக்கு வராமல் போவது மாதம் 3,827 ரூபா. சேமலாப நிதியில் அவரும் நிறுவனமும் சேர்ந்து போட்டிருக்க வேண்டிய 832 ரூபாவும் மாதாமாதம் சேராமல் போகிறது. அடுத்த வருடம் வழக்கம்போல 8 வீதம் கொடுத்தாலும் அவர் 56,160இல் நிற்பார். உயர்வு தடைப்படாமல் வந்திருந்தால் அப்போது 60,650க்கு மேல் எடுத்திருப்பார். அதாவது ஒரு வருடம் நிறுத்திய உயர்வை யாராவது பிறகு சேர்த்துக் கொடுத்தாலொழிய, அந்த இடைவெளி அவர் வேலையை விடும்வரை கூடவே வரும். அறிவித்தல்களில் பெரும்பாலும் காணாமல் போகும் உண்மை இதுதான். "இந்த ஒரு வருடம் மட்டும்தானே" என்ற ஆறுதல் ஊழியரின் கணக்கில் எடுபடாது.

இனிக் கடிதங்களுக்கு வருவோம்.

தேன் பூசியது

"எமது அன்பான குடும்பத்தினருக்கு! சவால்களும் சாதனைகளும் நிறைந்த ஒரு வருடத்தை நாம் ஒன்றாகக் கடந்துள்ளோம். எதிர்கால வளர்ச்சிக்கு வலுவான அடித்தளம் இடும் நோக்கில், சம்பள மீளாய்வு நடைமுறையை மறுசீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. உங்கள் அர்ப்பணிப்பே எமது பலம். ஒன்றாக உயர்வோம்!"

இதைப் படித்தவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்: "அப்ப இன்கிரிமென்ட் இருக்கோ இல்லையோ?" இந்தக் கேள்வி எழுந்தால் கடிதம் தோற்றுவிட்டது. சிலர் உயர்வு உண்டென்றும் சிலர் இல்லையென்றும் விளங்கிக்கொள்வார்கள். ஜனவரிச் சம்பளச் சிட்டையைப் பார்க்கும் நாளில் உயர்வு இல்லை என்ற ஏமாற்றத்தோடு, மறைத்துவிட்டார்கள் என்ற கோபமும் சேர்ந்து வரும். "குடும்பம்" என்ற சொல்லும் இங்கே ஆபத்தானது. வீட்டில் காசு முடைப்பட்டால் யாருக்கு எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கைக் காட்டாமல் உறவை மட்டும் சொன்னால் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சுற்றுநிருபம்

"இத்தால் சகல ஊழியர்களுக்கும் அறியத்தருவதாவது, 01.01.2026 முதல் மறு அறிவித்தல் வரை வருடாந்தச் சம்பள உயர்வுகள் யாவும் இடைநிறுத்தப்படுகின்றன. இது தொடர்பான கோரிக்கைகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

இதைக் கல்நெஞ்சுக் கடிதம் என்று உடனே தள்ளிவிடக்கூடாது. முதலாவதைவிட இது நல்லது. செய்தி முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது, திகதியும் இருக்கிறது. இரண்டுக்குள் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் இதையே தேர்வோம். குறை வேறு இடங்களில் இருக்கிறது. காரணம் இல்லை. முடிவெடுத்தவர் யார் என்பதும் இல்லை, ஏனென்றால் "இடைநிறுத்தப்படுகின்றன" என்ற வினைக்கு எழுவாய் ஊழியரின் உயர்வுதானே தவிர நிறுவனம் அல்ல. "மறு அறிவித்தல் வரை" என்பது முடிவே இல்லாத காலம். கடைசி வாக்கியம் தேவையில்லாமல் கதவை அடைக்கிறது. கோரிக்கையை ஏற்காமல் விடலாம், ஆனால் கேட்கவே கூடாது என்பது அவமதிப்பு.

கண்ணீர்க் கடிதம்

"இதை எழுதும்போது என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது. பல இரவுகள் நித்திரையில்லை. என் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான முடிவு இது. என்னைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்."

எழுதுபவர் மனம் உண்மையிலேயே நொந்திருக்கலாம். ஆனாலும் இந்தக் கடிதம் காசை இழப்பவரிடமே ஆறுதல் கேட்கிறது. முகாமையாளரின் சம்பளம் இந்த உதவியாளரின் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு என்றால், நித்திரை இல்லாத கதை இன்னும் கசக்கும். வருத்தத்தைச் சொல்லக்கூடாது என்பதல்ல. ஒரு வாக்கியம் போதும், அதுவும் ஊழியரின் நிலையைப் பற்றியதாக இருக்கட்டும்.

நாங்கள் அனுப்பச் சொல்லும் வடிவம்

"2026 ஜனவரியில் யாருக்கும் வருடாந்தச் சம்பள உயர்வு கொடுப்பதில்லை என்று பணிப்பாளர்களும் நானும் தீர்மானித்திருக்கிறோம். என்னுடைய சம்பளமும் இதில் அடங்கும். கீழே சொல்லப்படும் ஒரு மாற்றத்தைத் தவிர, எல்லோருடைய சம்பளமும் டிசம்பரில் இருக்கும் அளவிலேயே தொடரும்.

காரணம் இது. கடனுக்குப் பொருள் எடுத்த சில ஒப்பந்தகாரர்களிடமிருந்து ஜூன் மாதம் முதல் 90 இலட்சம் ரூபா வரவேண்டியிருக்கிறது. வங்கியின் மேலதிகப் பற்றை எல்லை வரை எடுத்துவிட்டோம். வழக்கமான 8 வீத உயர்வுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 15 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வேண்டும். அது எங்களிடம் இல்லை. உங்கள் வேலையில் குறை கண்டு எடுத்த முடிவு அல்ல இது.

மாதம் 30,000 ரூபாவுக்குக் குறைவாக எடுப்பவர்களின் சம்பளம் ஜனவரி 1 முதல் 30,000 ஆகும். இது சட்டப்படி கொடுக்கவேண்டியது, நாங்கள் தரும் சலுகை அல்ல.

சம்பளத் திகதி, மேலதிக நேரக் கொடுப்பனவு, விற்பனைக் கொமிஷன், சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஆகியவற்றில் மாற்றம் இல்லை. ஜூலை 10 வரை யாரையும் வேலையிலிருந்து நிறுத்தும் திட்டம் இல்லை. சித்திரைப் போனஸ் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. மார்ச் 10ஆம் திகதிக்கு முன் சொல்வோம்.

ஜூன் 30 வரையான கணக்கைப் பார்த்து, உயர்வு உண்டா இல்லையா என்பதை ஜூலை 10ஆம் திகதி அறிவிப்போம். அன்று உயர்வு கிடைக்கும் என்று இப்போது உறுதி தரமுடியாது. கிடைத்தாலும் ஜனவரி தொடக்கம் உள்ள நிலுவை சேர்க்கப்படமாட்டாது.

இந்த உயர்வை நம்பிச் செலவுகளைத் திட்டமிட்டிருப்பீர்கள். அதற்காக வருந்துகிறோம். லீசிங்குக்கோ வங்கிக் கடனுக்கோ சம்பளக் கடிதம் வேண்டுமானால் கணக்குப் பிரிவில் கேளுங்கள், இரண்டு வேலை நாட்களுக்குள் தருவோம். உங்கள் சொந்தக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தக் கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பிறகு என்னிடம் வரலாம்."

கீழே பெயர், கையெழுத்து, நேரடித் தொலைபேசி இலக்கம். "நிர்வாகம்" என்று கையெழுத்திட வேண்டாம்.

இது நான்கிலும் நீளமான கடிதம், நீளம் அதன் குறையும்கூட. ஆனால் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டாலும் செய்தி முழுதாகப் போய்ச் சேரும். மிச்சமெல்லாம் அடுத்து எழும் கேள்விகளுக்கு அவை எழும் வரிசையிலேயே வரும் பதில்கள்: ஏன், எனக்கு என்ன, வேலை நிலைக்குமா, எப்போது மாறும்.

சில வரிகளை அப்படியே பிரதிபண்ணக்கூடாது, உண்மையானால் மட்டும் வைக்க வேண்டும். "என்னுடைய சம்பளமும் அடங்கும்" என்பது பொய்யானால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பணிப்பாளர் ஒருவர் அடுத்த மாதம் புது வாகனம் எடுக்கப்போகிறார் என்றால், "காசு இல்லை" என்ற காரணத்தையும் திருத்தி எழுத வேண்டும். இந்த ஊரில் ஸ்ரான்லி வீதியில் நிற்கும் புது வாகனம் யாருடையது என்பது பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காரணம் எழுதும்போது பலரும் "நாட்டின் பொருளாதார நிலைமை" என்பதில் போய் ஒளிந்துகொள்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் அப்படி எழுதியிருந்தால் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். இப்போது அதையே எழுதினால் விலைப்பட்டியல் எழுதும் பிள்ளையும் ஸ்டோர்ஸில் சீமெந்து ஏற்றும் பொடியனும் சிரிப்பார்கள். யார் காசு தரவில்லை என்பது அவர்களுக்கு முகாமையாளரைவிட நன்றாகத் தெரியும். உண்மைக் காரணத்தையே எழுதுங்கள், ஆனால் ஒப்பந்தகாரர்களின் பெயரை எழுத வேண்டாம். கடிதத்தின் படம் இரவுக்குள் ரொறொன்ரோ வரை போய்விடும், வரவேண்டிய காசும் அதோடு வராமல் போகலாம்.

நன்றி சொல்லும் வரி கடிதத்தில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டோம். உயர்வு இல்லை என்று சொன்ன அடுத்த வரியில் "உங்கள் அயராத உழைப்புக்கு நன்றி" என்று வந்தால், காசுக்குப் பதிலாகக் கொடுத்ததுபோல இருக்கும். நன்றியை வேறொரு நாளில், குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சொல்லுங்கள்.

முடிவுத் திகதியா, நிபந்தனையா, மீளாய்வுத் திகதியா?

கடிதத்தில் அதிகம் யோசிக்கவேண்டிய இடம் இதுதான். மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, "ஜூலை முதல் உயர்வு தருவோம்" என்று எழுதுவது. படிப்பவருக்கு இதுவே இனிக்கும். ஆனால் ஒப்பந்தகாரர் காசு தராவிட்டால் ஜூலையில் இரண்டாவது கடிதம் எழுத வேண்டும், அதை யாரும் நம்பமாட்டார்கள். அதற்குள் சிலர் அந்த நாலாயிரத்தை நம்பிச் சீட்டில் சேர்ந்திருப்பார்கள், அல்லது மோட்டார் சைக்கிள் லீசிங் எடுத்திருப்பார்கள். தவணை கட்ட நகை அடகுக்குப் போகும்.

இரண்டாவது, "பாக்கி வசூலானால் தருவோம்" என்ற நிபந்தனை. நேர்மையானதுபோலத் தெரியும், சண்டைக்கும் இடம் வைக்கும். 90 இலட்சத்தில் 50 வந்தால் வசூலானதா இல்லையா? அதோடு வசூல் ஊழியர்களின் கையில் இல்லை. கடனுக்குப் பொருளைக் கொடுக்கச் சொன்னது வேறு யாரோ, உயர்வு நிற்பது ஊழியர்களுக்கு.

மூன்றாவது, மேலே எழுதிய மீளாய்வுத் திகதி. உயர்வை அது வாக்களிக்கவில்லை, ஒரு பதிலை மட்டும் வாக்களிக்கிறது. வரவு எப்படியிருந்தாலும் ஜூலை 10 அன்று வாய் திறப்பது முகாமையாளரால் முடிந்த காரியம். பாதுகாப்பான வழி இதுவே. கணக்கைத் திறந்து காட்டத் துணிந்த நிறுவனம் இரண்டாவது வழியையும் இதோடு சேர்க்கலாம்: "ஜூன் 30க்குள் 60 இலட்சமாவது வந்தால் ஜூலை முதல் 4 வீதம் தருவோம்." 4 வீதத்துக்கு நிதிப் பங்களிப்புகளோடு மாதம் 65,780 ரூபா போகும், அதைத் தாங்க முடியுமா என்று முதலில் கணக்குப் பிரிவைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அன்றைக்கு வசூல் கணக்கைக் காட்ட மனமில்லையென்றால் இந்த வரியை எழுதவே வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் நிலுவை உண்டா இல்லையா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் "உயர்வு தள்ளிப்போயிருக்கிறது, பிறகு சேர்த்துத் தருவார்கள்" என்றே பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்புவதற்கு முன் தனித்தனியே பார்க்கவேண்டியவர்கள்

முதலில் குறைந்த சம்பளக்காரர்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரி 1 முதல் 30,000 ஆகவும் உயர்ந்தது. உயர்வை நிறுத்தும் எந்த முடிவாலும் இதைத் தடுக்க முடியாது. 28,500 எடுத்த புதியவர் 30,000க்கு வரும்போது, மூன்று வருடமாக வேலை செய்து 30,000 எடுப்பவர் அவரோடு சமமாகிவிடுவார். அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. அவருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கூட்டுவதென்றால் அந்த விதிவிலக்கையும் கடிதத்திலேயே எழுதுங்கள். இரகசிய விதிவிலக்கு இரண்டு நாள்கூட நிற்காது.

அடுத்து, இந்த வருடம் 60 வயதாகி ஓய்வுபெறுபவர்கள். பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்குக் கடைசியாக எடுத்த சம்பளத்தின் அரை மாதம் ஒவ்வொரு வருடத்துக்கும் கிடைக்கும். 12 வருடம் வேலை செய்து 52,000 எடுப்பவருக்கு 312,000 ரூபா. உயர்வு கிடைத்து 56,160 ஆகியிருந்தால் 336,960. 24,960 ரூபா குறைகிறது, அவருக்கு அடுத்த ஜனவரி என்று ஒன்றும் இல்லை. இப்படி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் உயர்வைக் கொடுத்துவிடுவது நிறுவனத்துக்குப் பெரிய செலவல்ல. கொடுக்க முடியாவிட்டால் பொதுக்கூட்டத்துக்கு முன் தனியாக இருத்திச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாக நியமனக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். "திறமையைப் பொறுத்து உயர்வு வழங்கப்படலாம்" என்றிருந்தால் நிறுத்த இடமுண்டு. "வருடாந்தம் இத்தனை ரூபா உயர்வு வழங்கப்படும்" என்றிருந்தால் அது ஒப்பந்தம். ஊழியரின் சம்மதமில்லாமல் நிறுத்தினால் விடயம் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். அப்படிப்பட்டவருக்கு அனுப்பவேண்டியது அறிவித்தல் அல்ல, சம்மதம் கேட்கும் கடிதம்.

எப்போது, எந்த வழியாக

டிசம்பர் முதற்கிழமை. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் கைக்காசைக் கணக்குப் பார்க்கத் தொடங்குமுன் தெரிந்துவிட வேண்டும். ஜனவரிச் சம்பளத்தோடு சேர்த்து அறிவிப்பது மிகப் பிழையானது, செலவு முடிந்த பிறகு செய்தி வருகிறது. வெள்ளி பின்னேரமும் வேண்டாம், கேள்வி கேட்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

வட்ஸ்அப் குழுவில் போட்டால் வேகமாகப் போகும், ஆனால் முதல் ஆள் போடும் கைகூப்பிய படம் எல்லோருடைய வாயையும் கட்டிவிடும். விளம்பரப் பலகையில் ஒட்டினால் வாடிக்கையாளரும் வாசிப்பார். காலையில் கடை திறக்குமுன் கூட்டி வைத்து நேரில் சொல்லி, கூட்டம் முடியும்போது கடிதத்தைக் கையில் கொடுப்பதே சரி. மேற்பார்வையாளர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சொல்லலாம், முதல்நாள் சொன்னால் கசிந்துவிடும். ஏ9 வீதியில் லொறியோடு நிற்கும் சாரதிகளுக்கு அதே காலையில் முகாமையாளரே தொலைபேசி எடுக்க வேண்டும். மற்றவர் வாயால் கேட்டால் அவர்களை மறந்துவிட்டதாகவே நினைப்பார்கள்.

கூட்டத்தில் கட்டாயம் வரும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தயாராக இருக்கட்டும்.

"சேர், ஜூலையிலயாவது தருவியளோ?"

"தருவம் எண்டு இப்ப சொல்ல ஏலாது அண்ணை. தாறமோ இல்லையோ எண்டதை ஜூலை பத்தாம் திகதி கட்டாயம் சொல்லுவன்."

"ஆரையும் நிப்பாட்டப் போறியளோ?"

"ஜூலை பத்து மட்டும் அப்பிடி ஒரு திட்டமும் இல்லை. அதுக்குப் பிறகு என்ன எண்டு எனக்கு இப்ப தெரியாது."

"பயப்பிடாதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்ற வரி நாக்கின் நுனிவரை வரும். அதை விழுங்கிவிட வேண்டும்.

ஜூலை 10இல் சொல்ல நல்ல செய்தி இல்லாவிட்டாலும் கடிதம் அன்றே போக வேண்டும். அது நான்கு வரியில் முடியலாம்: எவ்வளவு வசூலானது, அதனால் உயர்வு உண்டா இல்லையா, மாறாமல் தொடர்வது எது, அடுத்த பதில் எந்தத் திகதியில். டிசம்பர்க் கடிதத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், அன்று சொன்ன எதையும் பதிலில்லாமல் விடமாட்டீர்கள்.